ஆறு மாதமா, ஆறு மணி நேரமா?

அவசர நிதி என்று சொன்ன உடனே, "ஆறு மாதச் செலவைச் சேர்த்து வை" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறார்கள். கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் வண்ணப் படங்களும் இதையே சொல்கின்றன. வங்கியில் வேலை பார்க்கும் உறவினரும் இதையே சொல்கிறார். கேட்டுக்கொண்ட நாமும் தலையை ஆட்டுகிறோம். ஆறு மாதச் செலவு என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். மலைப்பு வருகிறது. "வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். விதியின் பயன் அத்துடன் முடிந்துவிடுகிறது.

விதி தவறு என்று நான் சொல்லவில்லை. அது யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதே என் கேள்வி. மாதச் சம்பளக்காரருக்கு வரக்கூடிய பெரிய இடர், வேலை போவது. வேறு வேலை தேட ஆறு மாதம் ஆகலாம். ஆகவே ஆறு மாதச் செலவு. கணக்கு சரிதான். ஆனால் தில்லியில் படிக்கும் தமிழ் மாணவனுக்கு வேலையே இல்லை. போவதற்கு என்ன இருக்கிறது? நமக்கு வரும் இடர்கள் வேறு. அவை மூன்று. ஊரிலிருந்து திடீரென்று அழைப்பு வருவது ஒன்று. நமக்கோ வீட்டில் ஒருவருக்கோ மருத்துவமனையில் முன்பணம் கட்ட வேண்டி வருவது இரண்டு. ஆய்வு உதவித்தொகை மாதக் கணக்கில் தாமதமாவது மூன்று. முதல் இரண்டையும் மாதத்தால் அளக்க முடியாது. மணியால்தான் அளக்க வேண்டும். அறிவியல் வகுப்பில் ஓர் அளவைச் சொன்னால், எந்த அலகில் என்று ஆசிரியர் கேட்பார். அவசர நிதியைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்போம்.

ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். தில்லியில் ஆய்வு செய்யும் தோழர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுகிறார். 2023 ஜனவரி முதல் அந்தத் தொகை மாதம் 37,000 ரூபாய். விடுதி உணவுக்கு 4,500, அறைக்கு 1,000, தொலைபேசிக்கும் போக்குவரத்துக்கும் 1,500, துணி, சோப்பு, தேநீர், புத்தகம் ஆகியவற்றுக்கு 4,000, வீட்டுக்கு அனுப்புவது 15,000. ஆக மொத்தம் 26,000. ஆறு மாத விதிப்படி இவர் 1,56,000 ரூபாய் சேர்க்க வேண்டும். மாதம் 8,000 ஒதுக்கினாலும் இருபது மாதம் ஆகும்.

இப்போது இடர்களை ஒவ்வொன்றாக எண்ணுவோம்.

முதலில் பயணம். அழைப்பு இரவு ஒன்பது மணிக்கு வருகிறது. திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி செல்லும் திருக்குறள் விரைவு வண்டி நாள்தோறும் ஓடுவதில்லை. அடுத்த நாளே வண்டி இருந்தாலும் தட்கல் சீட்டு அன்றிரவு எடுக்க முடியாது. புறப்படும் நாளுக்கு முதல் நாள் காலை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பத்து மணிக்கும், படுக்கை வகுப்புக்குப் பதினொரு மணிக்கும்தான் அது திறக்கும். ஏறிய பிறகும் இரண்டு இரவு. ஆகவே விமானம்தான். மதுரைக்குப் பறந்து, அங்கிருந்து பேருந்தில் போக வேண்டும். கடைசி நேர விமானச் சீட்டு என்ன விலைக்கு ஏறும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 2025 டிசம்பரில் விமானங்கள் பெருமளவில் ரத்தாகிக் கட்டணம் கண்டபடி ஏறியபோது, 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு அரசு தற்காலிகமாக விதித்த உச்ச வரம்பே 18,000 ரூபாய். அதை எடுத்துக்கொண்டு, பேருந்துக்கும் திரும்பி வரும் இரயிலுக்கும் 2,000 சேர்த்தால் 20,000. இதுதான் முதல் எண்.

இரண்டாவது மருத்துவமனை. காப்பீடு இருந்தாலும் முதல் நாளில் கையிலிருந்து பணம் கட்ட வேண்டி வரும் இடங்கள் உண்டு. காப்பீடு இல்லாத வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. முழுச் செலவையும் மாணவனின் சேமிப்பு தாங்காது. தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. சேர்க்கைக்கும் முதல் நாள் சோதனைகளுக்குமான முன்பணம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். இது இரண்டாவது எண்.

மூன்றாவது உதவித்தொகையின் தாமதம். மூன்று மாதம் வரவில்லை என்று கொள்வோம். அந்த மாதங்களில் தோழர் கையைச் சுருக்கிக்கொள்வார். உணவும் அறையும் குறையாது: 5,500. தொலைபேசியும் போக்குவரத்தும் 1,000. மற்றவை 1,500. வீட்டுக்கு அனுப்புவதை என்ன செய்வது? அதைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்கள் உண்டு. நான் சேர்க்க வேண்டும் என்பேன். அம்மாவின் மாத்திரைக்கும் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கும் உதவித்தொகை தாமதமாவது தெரியாது. வீட்டில் பேசி 15,000 என்பதை 10,000 ஆக்கலாம். ஒன்றுமில்லாமல் ஆக்க முடியாது. ஆக மாதம் 18,000. மூன்று மாதத்துக்கு 54,000.

மூன்றையும் கூட்டினால் 94,000 ரூபாய். மாதம் 8,000 ஒதுக்கினால் ஓராண்டில் முடியும். அதைவிடப் பெரிய செய்தி வேறு: முதல் 20,000 மூன்றாம் மாதத்திலேயே சேர்ந்துவிடுகிறது. வழிச்செலவு கையில் வந்துவிட்டால் பாதி அச்சம் போய்விடும். ஆகவே 94,000 என்ற மலையைப் பார்க்காதீர்கள். முதற்படி வழிச்செலவு, இரண்டாம் படி மருத்துவ முன்பணம், மூன்றாம் படி மாதச் செலவு. இந்த வரிசையிலேயே ஏறுங்கள்.

உதவித்தொகை ஏதும் இல்லாமல், வீட்டிலிருந்து வரும் பணத்தில் முதுகலை படிக்கும் தோழருக்கு என்ன வழி? அவருக்கு மூன்றாம் படியே இல்லை. சம்பாதிப்பவர் ஊரில் இருக்கிறார். தாமதம் என்ற இடர் அவருடைய கணக்கில் வர வேண்டுவது. இவருக்கு முதற்படி போதும். அதையும் சுருக்கலாம். "அழைப்பு வந்தால் விமானத்துக்கு யார் பணம் கட்டுவது?" என்று வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொண்டால், நிலையத்துக்குப் போகும் வண்டிக் கூலியும் ஒரு வாரச் சாப்பாடும் கையில் இருந்தாலே போதும். பேசாமல் இருப்பதுதான் பிழை. நள்ளிரவில், கலங்கிய மனத்தோடு, அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

"நண்பர்கள் இருக்கிறார்களே, கேட்டால் கொடுப்பார்களே" என்று சிலர் சொல்வார்கள். கொடுப்பார்கள், நம் விடுதிகளில் கொடுத்தும் இருக்கிறார்கள். ஒருவருக்கு வழிச்செலவு என்றால் பத்துப் பேர் ஆளுக்கு இரண்டாயிரம் எடுத்துவிடலாம். ஆனால் உதவித்தொகை தாமதமாகும்போது கதை வேறு. உங்களுக்கும் எதிர் அறைத் தோழருக்கும் பணம் ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. ஊற்று வற்றினால் இருவர் குடமும் ஒரே நாளில் காலி. ஆகவே பயணத்துக்கு நண்பர்களை ஓரளவு நம்பலாம். தாமதத்துக்கு நம்ப முடியாது. வீட்டு நகையும் அப்படித்தான். அதை அடகு வைத்துப் பணம் வாங்கக் கடை திறக்க வேண்டும்; நகை ஊரில் இருக்கிறது, அவசரம் இங்கே இருக்கிறது.

சேர்ப்பதைப் பார்த்தோம். இனி எங்கே வைப்பது? இங்கேதான் பெரும்பாலோர் வட்டியைப் பார்த்து வழி தவறுகிறார்கள். பார்க்க வேண்டியது ஒன்றே: இந்தப் பணம் எத்தனை மணி நேரத்தில் கைக்கு வரும்?

முதலில் 2,000 ரூபாய் ரொக்கம், பெட்டிக்குள், பூட்டி. கைப்பேசி இருக்கும்போது ரொக்கம் எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசியே தொலைவது ஓர் அவசரம் அன்றோ? புதிய கைப்பேசியில் யுபிஐ செயலியைப் பதிவு செய்தால், முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடமாட்டார்கள். திருட்டைத் தடுக்க வைத்த அந்த வரம்பு, அன்றைக்கு நம்மையும் தடுக்கும்.

அடுத்து, பயணத்துக்கும் மருத்துவமனைக்குமான மீதி 38,000. இது சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். ஆனால் உதவித்தொகை வந்து விழும் கணக்கில் அன்று. வேறொரு வங்கியில், தனி அட்டையோடு. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதற்காரணம், ஒரே கணக்கில் இருந்தால் எது அவசர நிதி, எது மாதச் செலவு என்று கண்ணுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் கை தானாக நீளும். இரண்டாம் காரணம் இன்னும் வலுவானது. வங்கி முடங்குவதும் உண்டு. 2019 செப்டம்பரில் பஞ்சாப்-மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று முதலில் சொன்னது. பிறகுதான் படிப்படியாக உயர்த்தியது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கிக்கு 50,000 ரூபாய் வரம்பு வந்தது. இரு வாரத்துக்குள் நீங்கியது. "வைப்புக்குக் காப்பீடு இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை உண்டு. 2021-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, வங்கி முடக்கப்பட்டால் தொண்ணூறு நாளுக்குள் அந்தத் தொகை கிடைக்க வேண்டும். பணம் தொலையாது என்பது உண்மை. ஆனால் நமக்கு வேண்டியது ஆறு மணி நேரம். அவர்கள் தருவது தொண்ணூறு நாள். பாதுகாப்பு வேறு, விரைவு வேறு. இரண்டு வங்கி இருந்தால்தான் இரண்டும் கிடைக்கும்.

சேமிப்புக் கணக்கில் வட்டி குறைவு என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2025 ஜூனில் பாரத ஸ்டேட் வங்கி தன் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தது. வேறோர் இடத்தில் 6.5 சதவீதம் கிடைக்கிறது என்று கொண்டாலும், 40,000 ரூபாய்க்கு ஆண்டில் வரும் வேறுபாடு 1,600 ரூபாய். மாதத்துக்கு 133. வேண்டிய இரவில் பணம் கையில் இருப்பதற்கு நாம் கொடுக்கும் வாடகை அது. விலை மலிவுதான்.

மூன்றாம் பகுதி, தாமதத்துக்கான 54,000. இதற்கு அவ்வளவு விரைவு தேவையில்லை. உதவித்தொகை வரவில்லை என்பது ஒரே இரவில் இடி போல் விழுவதன்று. மாதத் தொடக்கத்தில் தெரிந்துவிடும். ஆகவே இதை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடலாம். ஒரே வைப்பாக அன்று, 18,000 வீதம் மூன்றாக. ஒரு மாதம் பணம் வராவிட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். மற்ற இரண்டும் வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும். முன்கூட்டி உடைத்தால் வங்கிகள் பொதுவாக வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைப்பார்கள். ஆறு மாதம் கிடந்த 18,000-த்துக்கு அது 90 ரூபாய். அஞ்சத்தக்க இழப்பன்று.

போடும்போது இரண்டு பள்ளங்களைப் பார்த்து நடக்க வேண்டும். வரிச்சலுகைக்கான ஐந்தாண்டு வைப்பை இடையில் உடைக்கவே முடியாது. அஞ்சலகக் கால வைப்பை ஆறு மாதத்துக்கு முன் எடுக்க இயலாது. இரண்டும் நல்ல சேமிப்புகளே. அவசர நிதிக்கு மட்டும் ஆகாதவை. வைப்பைக் கைப்பேசி வழியாகவே உடைக்க முடியுமா, வங்கிக் கிளைக்குப் போக வேண்டுமா என்பதையும் போடும் நாளிலேயே கேட்டு வையுங்கள்.

லிக்விட் ஃபண்ட் எனப்படும் குறுகிய காலப் பரஸ்பர நிதியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். மூன்றாம் பகுதிக்கு அதுவும் பொருந்தும். ஆனால் வழிச்செலவை அதில் வைக்க வேண்டாம். சனிக்கிழமை இரவு விற்கச் சொன்னால் அது திங்களன்று வந்த விண்ணப்பமாகவே கொள்ளப்படும். பணம் செவ்வாயன்றுதான் கணக்குக்கு வரும். இடையில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளிப்போகும். உடனடியாக எடுக்கும் வசதி சில திட்டங்களில் உண்டு. அதிலும் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அல்லது போட்டதன் மதிப்பில் தொண்ணூறு சதவீதம், இவற்றுள் எது குறைவோ அதுவே வரம்பு.

எடுக்கும் நாளைப் பற்றியும் ஒரு சொல். தேதி தெரிந்த செலவு அவசரம் அன்று. பருவக் கட்டணம், கருத்தரங்கப் பதிவு, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் சீட்டு ஆகியவற்றின் தேதி முன்பே தெரியும். அவற்றுக்குத் தனியாக ஒதுக்க வேண்டும். தேதி தெரியாததும், தள்ளிப்போட முடியாததும் ஆனதே அவசரம். இரண்டு தன்மையும் இருந்தால் தயங்காமல் எடுங்கள். வட்டி போகிறதே என்று வைப்பைக் கட்டிக்கொண்டு, கைப்பேசிக் கடன் செயலியில் போய் விழுந்தால் சேர்த்ததன் பொருள் என்ன?

எடுத்ததை நிரப்புவதற்கும் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று மாதத் தாமதத்துக்குப் பின் நிலுவை ஒரே நாளில் 1,11,000 ரூபாயாக வந்து விழும். பெரும் செல்வம் வந்தது போல் இருக்கும். அன்றைக்கு முதலில் 54,000-ஐ மீண்டும் மூன்று வைப்பாகப் போடுங்கள். வீட்டுக்குக் குறைத்து அனுப்பிய 15,000-ஐ அனுப்புங்கள். மீதி 42,000 தான் உங்கள் பணம். இந்த வரிசை மாறினால், அடுத்த தாமதம் வெறுங்கையோடு இருப்பவரைத்தான் சந்திக்கும்.

கடைசியாக ஒன்று. ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்காமல் அதன் அளவை நாம் நம்புவதில்லை. அவசர நிதியும் அப்படித்தான். பருவத்துக்கு ஒருமுறை, ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு, அந்த இரண்டாம் வங்கியின் அட்டையை எடுத்துக்கொண்டு ஏடிஎம்மிற்குப் போய் 500 ரூபாய் எடுத்துப் பாருங்கள். இரகசிய எண் நினைவில் இருக்கிறதா? அட்டை காலாவதியாகிவிட்டதா? ஒரு நாளில் அதிகமாக எவ்வளவு எடுக்கலாம்? வங்கியில் பதிந்த தொலைபேசி எண் இன்றைய எண்தானா, ஊரில் விட்டு வந்த பழைய எண்ணா? எல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையால் வேறொரு பயனும் உண்டு. இரண்டு ஆண்டு நாம் தொடாமலே விட்ட கணக்கை வங்கி செயலற்ற கணக்காக ஒதுக்கிவிடும். அதை உயிர்ப்பிக்க அடையாளச் சான்றுகளோடு மீண்டும் அலைய வேண்டும். தொடாமல் காத்த பணம், தொடாத குற்றத்துக்காகவே அன்றைக்குக் கிடைக்காமல் போகக்கூடாது.

நண்பர்களே, இந்த எண்கள் ஒரு தோழருக்குப் போட்டவை. உங்கள் ஊர் கோவையாக இருக்கலாம், காரைக்குடியாக இருக்கலாம். உங்கள் வருவாயும் வேறாக இருக்கும். ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள்: வழிச்செலவு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தாமதத்துக்கு எவ்வளவு. ஒவ்வொன்றின் எதிரிலும், அது எத்தனை மணி நேரத்தில் கைக்கு வரும் என்று எழுதுங்கள். முதல் வரிக்கு எதிரே ஆறுக்கு மேல் ஓர் எண் நின்றால், அந்தப் பணத்தை இந்த வாரமே இடம் மாற்றுங்கள்.